வில்லையிலிருந்து வினாவிற்கு: காட்சியுரையை அடியொற்றிய நேர்காணல் கட்டுரையாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கருத்தரங்குகளில் வில்லைகளின் துணையோடு நிகழ்த்தப்பெறும் உரைகள் பின்னர் நேர்காணல் வடிவில் கட்டுரையாக்கப்படுவது இன்று பெருகிவருகிறது. வில்லையின் தலைப்புகளையே வினாக்களாக மாற்றி, வில்லையின் வரிகளையே விடைகளாக நிரப்பிவிடும் போக்கு இவற்றுட் பலவற்றில் காணப்படுகிறது. ஓலைச்சுவடி வாசிப்பு பற்றிய ஓர் உரையை நேர்காணலாக்கிய பட்டறிவைக் கொண்டு, வில்லையின் கருத்திலிருந்து வினா எவ்வாறு உருவாக்கப்பட வேண்டும் என்பதையும், பேச்சு எழுத்தாகும்போது கருத்தின் உறுதிநிலை எவ்வாறு மாறிவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நேர்காணல், காட்சியுரை, வில்லை, வினாவகை, சுவடி வாசிப்பு, புள்ளி, எழுத்தாக்கம்.

முன்னுரை

தமிழ் உரைமரபில் வினாவும் விடையும் ஒருவரே எழுப்பி ஒருவரே இறுக்கும் முறை பழமையானது. இறையனார் களவியல் உரை தொடங்கி, உரையாசிரியர்கள் பலரும் ‘என்னை?’ என்றும் ‘அஃது எற்றுக்கு எனின்’ என்றும் தாமே தடையெழுப்பி விடை கூறிச் செல்வதைக் காணலாம். அங்கே வினவுபவன் கற்பனை மாணவன். அவன் உண்மையில் இருந்தானா என்று எவரும் கேட்பதில்லை. நேர்காணல் கட்டுரையில் நிலைமை வேறு. இன்னார் வினவினார், இன்னார் இவ்வாறு விடையிறுத்தார் என்பது அங்கே ஒரு சான்றாக முன்வைக்கப்படுகிறது. பின்னர் வரும் ஆய்வாளர் அவ்விடையை அந்த அறிஞரின் கூற்றாகவே மேற்கோள் காட்டுவார். ஆகவே வில்லையில் இருந்ததை வாயில் இருந்து வந்ததாக எழுதுவது உரைமரபின் உத்தியாகாது. அது சான்றைத் திரிப்பதாகும்.

இவ்வேறுபாட்டைக் கட்டுரையாளர் தம் பிழையின் வாயிலாகவே உணர்ந்தார். சுவடி வாசிப்பில் நெடுநாள் பயிற்சியுடைய பேராசிரியர் ஒருவர் ஆய்வு மாணவர்க்கு நிகழ்த்திய உரையை நேர்காணலாக எழுதும் பணி கட்டுரையாளர்க்கு அளிக்கப்பட்டது. உரையின் வில்லைகள் கையில் இருந்தமையால், பேராசிரியரைச் சந்திக்கும் முன்னரே ஒரு முழு வரைவு ஆயத்தமாகிவிட்டது. ‘சுவடிகளில் புள்ளி ஏன் இல்லை?’ என்பது அதன் முதல் வினா. ‘எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால்’ என்பது வில்லையிலிருந்து எடுத்து எழுதப்பட்ட விடை. வரைவைப் படித்த பேராசிரியர், “இது நான் எழுதியதுதான்; ஆனால் நான் சொன்னது இல்லையே” என்றார். அவ்வரைவு கைவிடப்பட்டது. பின்வருவன இரண்டாம் முறை மேற்கொண்ட பணியின் விளைவுகள்.

வில்லையின் மொழி

அவ்வுரையில் இருபத்தெட்டு வில்லைகள் இருந்தன. முகப்பு, பொருளடக்கம், நன்றி முதலியன நான்கு. சுவடிகளின் ஒளிப்படங்கள் பதினொன்று. எழுத்துவடிவ அட்டவணைகள் மூன்று. எஞ்சிய பத்தும் எழுத்தாலான வில்லைகள். இப்பத்தையும் ஒருங்கு வைத்துப் பார்க்கையில், ஒன்றையே வேறு சொற்களில் கூறுவனவும் முன்னதற்கு எடுத்துக்காட்டாக அமைவனவும் நீங்க, உரையாளர் உண்மையில் நிறுவ முயன்ற கருத்துகள் ஆறே எனத் தெரியவந்தது. வினாக்கள் இவ்வாறிலிருந்தே பிறக்க வேண்டும். இருபத்தெட்டு வில்லைகளுக்கும் வினா அமைத்தால் கிடைப்பது உரையின் பொருளடக்கமே ஆகும்.

ஆறு கருத்துகளைக் கண்டறிவது எளிதாக இருக்கவில்லை. தமிழில் அமையும் வில்லை வரிகள் பெரும்பாலும் பெயர்த்தொடர்களாகவே நிற்கின்றன என்பது அதற்குக் காரணம். ‘புள்ளியின்மை – காரணம்: ஓலை கிழிதல்’ என்பது அவ்வுரையின் ஏழாம் வில்லை. இதில் வினைமுற்று இல்லை. வினைமுற்று இல்லாத இடத்தில் காலம் இல்லை; கூற்றின் அளவும் இல்லை. எல்லாச் சுவடிகளிலும் புள்ளி இல்லையா, பெரும்பாலானவற்றில் இல்லையா? ஓலை கிழிதல் ஒரே காரணமா, காரணங்களுள் ஒன்றா? அது உரையாளர் கண்டறிந்ததா, வழிவழியாகச் சொல்லப்படுவதா? உரை நிகழும்போது குரலும் கையசைவும் இவ்வெற்றிடங்களை நிரப்பிவிடுகின்றன. வில்லையை மட்டும் வைத்திருப்பவர்க்கு அவை வெற்றிடங்களாகவே நிற்கும்.

எனவே ஒவ்வொரு கருத்தையும் எழுவாயும் பயனிலையும் உடைய முழுத்தொடராக எழுதிப்பார்ப்பது முதற்பணியாயிற்று. ‘புள்ளியின்மை – காரணம்: ஓலை கிழிதல்’ என்பதை முழுத்தொடராக்க முயன்றபோது, ‘பெரும்பாலான ஓலைச்சுவடிகளில் எழுதியோர் புள்ளி இடவில்லை, இட்டால் ஓலை கிழியும் என்று அவர்கள் கருதியதாக … கூறுகின்றனர்’ என்ற இடத்தில் எழுதுகோல் நின்றது. கூறுபவர் யார் என்பது வில்லையில் இல்லை. முழுத்தொடராக்கும்போது எந்த இடத்தில் எழுத இயலாமல் நிற்கிறோமோ அந்த இடமே வினாவிற்கு உரிய இடம் என்பது இம்முயற்சியின் பயனாகக் கிடைத்தது. தடையின்றி முழுத்தொடராகிவிடும் கருத்திற்குத் தனி வினா தேவைப்படவில்லை. ரகரமும் காலும் சுவடியில் ஒரே வடிவில் எழுதப்படும் என்ற கருத்து அத்தகையது. ‘ப’, காலாகவோ ரகரமாகவோ கொள்ளத்தக்க ஒரு கோடு, ‘ல’ என்னும் மூன்று வடிவங்கள் பால், பால, பரல் என்றெல்லாம் வாசிக்க இடந்தரும் என்பதை அட்டவணையே தெளிவாகக் காட்டியது. அது கட்டுரையின் முன்குறிப்பில் வில்லையைச் சுட்டி எடுத்தாளப்பட்டது.

வினாவின் வகை

நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுக்கிறது. இவற்றுள் முதல் மூன்றே இங்குப் பயன்படுவன. வில்லைத் தலைப்பை அப்படியே வினாவாக்கும்போது பிறப்பது அறிவினா. வினவுபவர் விடையை முன்னரே வில்லையில் பார்த்துவிட்டார். உரையாளரும் அதனை அறிவார். ஆசிரியன் மாணவனிடம் வினவும் வினா தலைகீழாகி, மாணவன் ஆசிரியனிடம் வினவுவதாக அமைந்துவிடுகிறது. இதற்கு உரையாளர் வில்லையின் வரியையே சற்று விரித்துக் கூறுவார். வேறு என்ன கூற இயலும்? வாசகர் பொருட்டுத் தொடக்கத்தில் அத்தகைய வினா ஒன்று இருப்பதில் தவறில்லை. ஏழு வினாக்களும் அவ்வாறு அமைவது பயனற்றது.

ஐயவினா மிகுந்த பயன் தருவது. ஆனால் அதற்கு வினவுபவர் வில்லைக்கு வெளியே சென்று ஒரு சான்றைக் கொண்டுவர வேண்டும். மேற்காட்டிய ஏழாம் வில்லையையே சான்றாகக் கொள்ளலாம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. எகர ஒகரக் குறில்களுக்கும் அது புள்ளி கூறுகிறது. சுவடிகளிலோ பெரும்பாலும் புள்ளி இடம்பெறவில்லை. ஓலை கிழியும் என்பது காரணமாயின், கிழிவதற்கு ஏதுமில்லாத இடத்தில் புள்ளி இருந்திருக்க வேண்டும். கற்களில் பொறிக்கப்பட்ட இடைக்காலக் கல்வெட்டுகள் பலவற்றிலும் புள்ளி இல்லை. இச்சான்றை முன்வைத்தவுடன் வினா தன் வடிவத்தைத் தானே பெற்றுவிட்டது: “ஐயா, ஓலை கிழியும் என்பதால் புள்ளி இடவில்லை என்று தங்கள் வில்லையில் உள்ளது. கல்வெட்டுகள் பலவற்றிலும் புள்ளி இல்லையே, அங்குக் காரணம் என்னவாக இருக்கும்?”

இவ்வினாவின் முதல் வரைவு, ‘ஓலை கிழிதல் காரணமா, எழுதுவோர் புள்ளியைத் தேவையில்லை என்று கருதியது காரணமா?’ என்று இருந்தது. ஐயவினாவின் இடர் இதுவே. இரண்டு வழிகளை மட்டும் காட்டி, உரையாளரை அவற்றுள் ஒன்றில் நிறுத்திவிடும். மூன்றாவதாக ஒன்றை அவர் கருதியிருந்தால் அது வெளிவராது போகும். எனவே சான்றை மட்டும் முன்வைத்து, வழிகளைக் காட்டாமல் விட்டமை நன்மை பயத்தது.

முடிபை வினவுதல்

அவ்வுரையின் இறுதி வில்லைகளுள் ஒன்றில், ‘ஐயத்திற்குரிய இடங்களில் உறுதியான வழிகாட்டி: யாப்பு’ என்றிருந்தது. உரை முழுவதும் நோக்கிச் சென்ற முடிபு இது. அதற்கு முந்திய வில்லைகள் புள்ளியின்மை, எகர ஏகார வேறுபாடின்மை, செய்யுளைச் சீரும் அடியும் பிரிக்காமல் உரைநடைபோல் தொடர்ந்து எழுதுதல் ஆகிய இடர்களை அடுக்கின. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்று நாம் காணும் வடிவ வேறுபாடு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தோடு தொடர்புடையது. அதற்கு முந்திய மரபில் எழுதப்பட்ட சுவடியில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றுபோல் தோன்றும். இவ்விடர்களுக்கெல்லாம் யாப்பே மருந்து என்பது உரையாளரின் முடிபு.

முடிபை வினவுவதற்கு ஒரு வழி, அம்முடிபு பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் வினவுபவரே முயன்று தேடுவது. எரி என்பது குறிலிணை, ஆதலின் நிரையசை. ஏரி என்பது நேர் நேர். கொடு, கோடு என்பனவும் அவ்வாறே. சீர் வேறுபடுவதால் தளை ஒன்றில் பொருந்தும், மற்றொன்றில் தட்டும். இங்கே யாப்பு உறுதியாக வழிகாட்டுகிறது. ஆனால் தென், தேன் என்பவற்றை எடுத்துக்கொண்டால் முன்னது குறிலொற்று, பின்னது நெடிலொற்று, இரண்டும் நேரசையே. கொல், கோல் என்பனவும் செல், சேல் என்பனவும் அத்தகையனவே. சுவடியில் இவ்விணைகள் ஒரே வடிவில் இருக்கும்; சீரும் தளையும் இரண்டிற்கும் ஒக்கும். இரண்டுமே பொருளுடைய சொற்கள் ஆதலின் சொல் இல்லை என்று ஒன்றை ஒதுக்கவும் இயலாது. முடிபு எங்கே ஓய்கிறதோ அங்கே வினா நிற்கிறது: “எரி, ஏரி ஆகியவற்றை யாப்பு பிரித்துக் காட்டுகிறது. தென், தேன் ஆகிய இரண்டும் நேரசை. அத்தகைய இடத்தில் தாங்கள் எவ்வாறு முடிவு செய்வீர்கள்?”

இதனைத் தயாரிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவாயிற்று. ஆயினும் நேர்காணலின் சிறந்த பகுதி இவ்வினாவிற்கே கிடைத்தது. பேராசிரியர் முதலில் எதுகையைச் சுட்டினார். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்தும் அளவொத்து நிற்க வேண்டும். ஐயத்திற்குரிய சொல் அடியின் முதலில் இருந்து, எதுகை பெற்ற அடுத்த அடி ‘வான்’ என்று தொடங்கினால் ‘தேன்’ என்பதே பொருந்தும். ‘முன்’ என்று தொடங்கினால் ‘தென்’. அடியின் இடையில் அச்சொல் வருமாயின் எதுகை துணைசெய்யாது. அப்போது பொருளும் பிற படிகளும் பழைய உரையுமே துணை. உரைகாரர் பொருள் எழுதியிருந்தால் அவர் எதனை வாசித்தார் என்பது தெரியும். எதுவும் கிடைக்காத இடம் உண்டா என்று தொடர்ந்து வினவியபோது, “உண்டு. அங்கே ஒன்றை மேலே வைத்து மற்றதைப் பாடவேறுபாடாகக் கீழே தருவதுதான் செய்யக்கூடியது” என்றார். வில்லையில் ‘உறுதியான வழிகாட்டி’ என்றிருந்தது, நேர்காணலில் எல்லையுடைய ஒரு வழிகாட்டியாகத் தெளிவுபெற்றது. உரைக்கு வந்திருந்தோர் பெறாத ஒன்றை நேர்காணலின் வாசகர் பெறுகின்றனர்.

விடைகளின் போக்கும் தொடர்வினாவும்

ஆயத்தம் செய்த வினாக்களை அவ்வரிசையிலேயே கேட்டு முடிப்பது நேர்காணலைப் படிவம் நிரப்புவதாக்கிவிடும். எங்கே தொடர்வினா வேண்டும் என்பதை அறிய நன்னூலின் விடைவகைகள் உதவுகின்றன. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வினாவிற்கு நேரே இறுப்பன. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகியன குறிப்பால் விடை பயப்பன. வினவியதை விட்டு அதற்கு இனமான ஒன்றைக் கூறும் இனமொழி வருமிடத்தில் வினவுபவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். கல்வெட்டுப் பற்றிய வினாவிற்குப் பேராசிரியர் முதலில் செப்பேட்டு எழுத்துகளின் அழகைப் பற்றிப் பேசினார். சுவையான செய்திதான், ஆனால் வினவியது அதுவன்று. சிறிது பொறுத்து, அதே வினாவை மீண்டும் பணிவோடு முன்வைத்த பின்னரே விடை கிடைத்தது. அச்சிடும்போது செப்பேட்டுப் பகுதி நீக்கப்பட்டது. வினா எதிர் வினாதல் நிகழ்ந்த ஓரிடம் மட்டும் நீக்கப்படாமல் விடப்பட்டது, “படிப்பவனுக்கு மொழி தெரியும் அல்லவா?” என்ற அவ்வெதிர்வினாவே விடையாக நின்றது.

வினாக்களை முன்கூட்டியே அனுப்பலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சான்று தேட வேண்டிய வினாக்களை அனுப்புவது முறை. கல்வெட்டு வினாவும் தென்–தேன் வினாவும் எந்த வில்லையைப் பற்றியன என்ற குறிப்போடு நான்கு நாள் முன்னதாக அனுப்பப்பட்டன. வில்லை எண்ணைக் குறித்தமையால் ஒரு நன்மை விளைந்தது. பேராசிரியரிடம் இருந்த கோப்பு அதற்குள் திருத்தப்பட்டு எண்கள் மாறியிருந்தன. எந்த வடிவத்தை அடிப்படையாகக் கொள்வது என்பது தொடக்கத்திலேயே முடிவாயிற்று. அதன் பின்னர் நாளிட்ட படி ஒன்று தனியே வைக்கப்பட்டது.

பேச்சு எழுத்தாகும் இடம்

இப்பணியில் பிழை நேர்ந்ததை எளிதில் கண்டறிய இயலாத இடம் எழுத்தாக்கமே. நேர்காணல் பேச்சுத்தமிழில் நிகழ்கிறது. இதழோ எழுத்துத்தமிழை வேண்டுகிறது. ஒலி மாற்றங்களையும் விகுதிகளையும் திருத்துவது எளிது. ஆனால் பேச்சில் ஐயத்தையும் அடக்கத்தையும் உணர்த்தும் உருபுகள் திருத்தத்தில் உதிர்ந்துவிடுகின்றன. கல்வெட்டு வினாவிற்குக் கிடைத்த விடையின் ஒலிப்பதிவு இவ்வாறு அமைந்தது:

“ஓலை கிழிஞ்சிடும்னுதான் சொல்றாங்க. நானும் வகுப்புல அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். ஆனா நீங்க கேக்குற மாதிரி கல்லுல ஏன் இல்லைன்னா, அது ஒரு காரணமா இருந்திருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். எழுதுறவங்களுக்கு அது தேவைப்படலையோ என்னவோ. படிக்கிறவனுக்கு மொழி தெரியுமில்ல? உறுதியா எனக்குத் தெரியலை.”

இதன் முதல் எழுத்துவடிவம் ‘ஓலை கிழியும் என்பது ஒரு காரணமாகும். எழுதுவோர்க்குப் புள்ளி தேவைப்படவில்லை என்பது மற்றொரு காரணமாகும்’ என்றாயிற்று. இலக்கணப் பிழை ஏதுமில்லை. இதழ் நடைக்கும் ஒத்தது. ஆயினும் ‘சொல்றாங்க’ என்பதில் இருந்த பிறர் கூற்று என்ற குறிப்பும், ‘இருந்திருக்கலாம்’ என்ற வாய்ப்பும், ‘ஓ என்னவோ’ என்ற ஐயமும் மறைந்து, அவ்விடங்களில் ‘ஆகும்’ வந்து அமர்ந்துகொண்டது. நம் ஆய்வு நடையில் தொடரை முடிக்கும் பழக்கச் சொல்லாகிய ‘ஆகும்’ ஐயத்தை உறுதியாக்கிவிடும் ஆற்றல் உடையது. இரண்டாம் எழுத்துவடிவம் பின்வருமாறு திருத்தப்பட்டது:

“ஓலை கிழியும் என்றே கூறுகின்றனர். நானும் வகுப்பில் அவ்வாறே கூறிவந்தேன். கல்வெட்டுகளிலும் இல்லை என்னும்போது, அது காரணங்களுள் ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற அளவில்தான் சொல்ல முடியும். எழுதியோர்க்கு அது தேவைப்படவில்லையோ என்னவோ. படிப்பவனுக்கு மொழி தெரியும் அல்லவா? உறுதியாக எனக்குத் தெரியவில்லை.”

இதனைச் சரிபார்க்க ஒரு முறை கையாளப்பட்டது. ஒலிப்பதிவைக் கேட்டு, ஐயம், வாய்ப்பு, பிறர் கூற்று ஆகியவற்றைக் காட்டும் உருபுகளும் சொற்களும் வருமிடங்கள் மட்டும் தனித்தாளில் குறிக்கப்பட்டன. ஐம்பது நிமிடப் பதிவில் அவ்வாறு முப்பத்தொரு இடங்கள் இருந்தன. முதல் எழுத்துவடிவத்தில் அவற்றுள் எஞ்சியவை பன்னிரண்டு. மறைந்த பத்தொன்பதில் ஆறு, பேச்சின் வெறும் அசைச்சொற்கள். அவை நீங்கியதால் இழப்பு இல்லை. மற்றப் பதின்மூன்றும் கருத்தைத் தாங்கி நின்றவை. அவை அனைத்தும் மீட்கப்பட்டன. ‘அப்படித்தான் தோணுது’ என்பதை ‘அவ்வாறே எனக்குத் தோன்றுகிறது’ என எழுதுவதால் இதழின் நடை தாழ்ந்துவிடுவதில்லை.

ஒப்புதல்

எழுதி முடித்த கட்டுரை உரையாளர் பார்வைக்கு அனுப்பப்பட்டது. விடைகளைத் திருத்தும் உரிமை அவர்க்கு உண்டு; அச்சில் அவர் பெயரோடு நிற்கப்போவது அவர் கூற்று. ஆனால் விடை மாறினால் அதற்கேற்ப வினாவும் மாற்றப்படலாமா? வினாவை மாற்றினால், கேட்கப்படாத ஒன்று கேட்கப்பட்டதாகிவிடும். எனவே வினாக்கள் கேட்கப்பட்டவாறே நிற்கும் என்பதும், கூடுதலாகக் கூற விழைவது விடையின் இறுதியில் சேர்க்கப்படும் என்பதும் முன்னரே பேசி முடிவு செய்யப்பட்டன.

பேராசிரியர் மூன்று திருத்தங்களை அனுப்பினார். இரண்டு எடுத்துக்காட்டுகளைச் செம்மைசெய்தவை. மூன்றாவது, கல்வெட்டு விடையின் இறுதியில் இருந்த ‘உறுதியாக எனக்குத் தெரியவில்லை’ என்ற தொடரை நீக்கக் கோரியது. நீக்குவது அவர் உரிமை. அத்தொடர் நீங்கினால் வகுப்பில் கூறிவந்த விளக்கமே மீண்டும் அவர் கூற்றாகப் படிக்கப்படும் என்பதைக் கட்டுரையாளர் தொலைபேசியில் எடுத்துரைத்தார். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “சரி, இருக்கட்டும். ‘இப்போதைக்கு’ன்னு ஒரு சொல் மட்டும் முன்னால போட்டுடுங்க” என்றார். ‘இப்போதைக்கு உறுதியாக எனக்குத் தெரியவில்லை’ என்றே அது அச்சாயிற்று.